தோப்பு வழியா வண்டி போகும்

திண்டுக்கல் கோர்ட்டு வட்டாரத்தில் என் சீனியரைப்போல இங்கிலீஷ் பேச ஆளே கிடையாது என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இங்கிலீஷ் தெரியாது. மீதிப் பேருக்கு அவரிடம் ஏதாவது காரியம் ஆகவேண்டியிருந்தது.

என் அப்பா ஊரில் வாத்தியார். நான் சென்னையில் பி.எல். முடித்துவிட்டு வந்ததும் கையோடு கூட்டிப்போய் அவரிடம் சேர்த்துவிட்டார். "ரெண்டு வருசம் அந்த மனுசன்கிட்ட இரு. வேற ஒண்ணும் வராட்டியும் இங்கிலீஷ் வரும்" என்றார். அறுபதுகளின் தொடக்கம் அது. சீனியர் என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லாமலே, கடைசியாக என்ன படித்தாய் என்று இங்கிலீஷில் கேட்டார். பதில் சொன்னேன். என் உச்சரிப்பை இரண்டு இடத்தில் திருத்தினார். இரண்டு திருத்தமும் தப்பு. அப்பா பக்கத்தில் நின்று பெருமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

அவர் வீட்டு நாய்க்கு இங்கிலீஷ் மட்டும்தான் புரியும் என்பார். பெண்டாட்டியிடமும் இங்கிலீஷில்தான் பேசினார். அந்த அம்மாள் நாயைவிட அறிவாளி. அது காதிலேயே விழாததுபோல இருந்து பழகிவிட்டார்.

அந்த நாளில் கோர்ட்டு நடந்த விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாட்சி தமிழில் பேசுவார். வக்கீல் தமிழில் கேட்பார். முன்சீப், அதாவது கீழ்க்கோர்ட்டு நீதிபதி, அதைக் கேட்டு, மனதுக்குள் மொழிபெயர்த்து, இங்கிலீஷில் எழுதிக்கொள்வார். சாட்சி வாயிலிருந்து வந்த தமிழை யாரும் எங்கேயும் எழுதிவைப்பதில்லை. அது காற்றோடு போய்விடும். காகிதத்தில் நிற்கிற இங்கிலீஷ்தான் சாட்சியம். மேல்கோர்ட்டு வரை அதுதான் போகும். எல்லாம் முடிந்ததும் பெஞ்சு கிளார்க் அந்த இங்கிலீஷை மறுபடி தமிழாக்கிச் சாட்சிக்குப் படித்துக்காட்டுவார். சாட்சி தலையாட்டினால், படித்துக்காட்டப்பட்டது, சரியென்று ஒப்புக்கொள்ளப்பட்டது என்று கீழே ஒரு வரி ஏறும்.

நான் சேர்ந்த காலத்தில் இருந்த முன்சீப்புக்கு மலபார்ப் பக்கம் சொந்த ஊர். கெட்டவர் இல்லை. தமிழ் புரியும். ஆனால் விவசாயம் பார்க்கிற எங்கள் பக்கத்துச் சம்சாரி வேகமாகப் பேசினால் பேனா பாதியில் நின்றுவிடும். நின்றதும் என் சீனியர் எழுந்துவிடுவார். "If I may assist Your Honour" என்று ஆரம்பித்து, சாட்சி சொன்னதை அழகான இங்கிலீஷில் எடுத்துக்கொடுப்பார். முன்சீப் அப்படியே எழுதிக்கொள்வார். ஒருமுறை மாட்டுக்குத் தண்ணி காட்டினேன் என்று ஒரு கிழவர் சொன்னார். என் சீனியர் சற்றும் யோசிக்காமல் "I exhibited water to the bull" என்றார். முன்சீப் எழுதினார். மாட்டுக்கு முன்னால் தண்ணீர்க் கண்காட்சி நடந்ததாக அந்த வழக்குக் கட்டுக்குள் இன்றும் இருக்கும்.

அதற்குச் சிரித்தவன் நான் ஒருவன்தான். எதிர்த்தரப்பு வக்கீல்கள்கூட, ஆகா, எக்ஸிபிட்டட் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள்.

ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கட்சி வந்தது. புருசன் பெண்டாட்டி இருவர். நிலம் அந்தம்மா பேரில். ஐம்பதைத் தாண்டியிருக்கும். கத்திரி, வெண்டை, மிளகாய் போட்டுத் திண்டுக்கல் சந்தைக்கு வண்டியில் கொண்டுவருகிறவர்கள். புருசனுக்குக் காது மந்தம். பேச்செல்லாம் அந்தம்மாதான். அந்த நிலத்துக்கு, அவர்கள் பேச்சில் காட்டுக்கு, போக ஒரு தென்னந்தோப்பின் நடுவே வண்டிப்பாதை இருந்தது. தோப்பை டவுன் புகையிலை வியாபாரி ஒருவர் வாங்கினார். சில வருசம் சும்மா இருந்தார். ஒரு மாசி மாதம் பாதையின் குறுக்கே ஆள் உயரத்துக்குக் குழி வெட்டிவிட்டார். வண்டி நின்றுபோனது. பங்குனியில் வழக்கு.

வழக்கில் சட்டம் எளிது. இருபது வருசம் தடையில்லாமல், ஒளிவுமறைவில்லாமல், உரிமையோடு அந்தப் பாதையில் போயிருக்க வேண்டும். அந்தப் புழக்கம் வழக்குப் போடுவதற்கு முந்தின இரண்டு வருசத்துக்குள்வரை இருந்திருக்கவும் வேண்டும். புகையிலை வியாபாரியின் பதிலும் எளிது. என்றைக்கோ போனார்கள், இப்போது நாலைந்து வருசமாகத் தோப்புக்குப் பக்கத்தில் இருக்கிற ஓடைக்கரை மேலேதான் வண்டி ஓட்டுகிறார்கள் என்றார். ஓடைக்கரையில் ஆடு போகலாம். வண்டி போனால் மாடும் வண்டியும் ஓடைக்குள்தான் கிடக்கும். அதைப் பார்த்துவர நான் சைக்கிளில் போனேன். சீனியர் வரவில்லை. செருப்பு அழுக்காகும் என்றார்.

அந்தம்மா கூண்டில் ஏறினார். சீனியர் கேட்டார்.

"இந்தப் பாதையை எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள்?"

"என்னது?"

"பாதை, பாதை. எப்பருந்து?"

"வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து அந்தத் தோப்பு வழியாத்தேன் வண்டி போகும், வரும்."

அம்புட்டுத்தான் பதில். கோர்ட்டில் இருந்த தமிழன் எவனுக்கும் அதில் ஒரு சந்தேகமும் வராது. கல்யாணம் ஆனதிலிருந்து போகிறது, நிற்கவில்லை, தோப்புக்குள்ளேதான் போகிறது. ஆனால் அந்த வாக்கியத்தில் மூன்று குழி இருந்தது. போகும் என்பது நாளைக்குப் போகப்போவதற்கும் சொல்லலாம், தினம் போவதற்கும் சொல்லலாம், ஒருகாலத்தில் போய்க்கொண்டிருந்ததற்கும் சொல்லலாம். இங்கிலீஷில் மூன்றுக்கும் மூன்று வினை. வழியா என்பது உள்ளே நுழைந்து போவதா, ஓரமாகப் போவதா என்று இங்கிலீஷ்காரன் கேட்பான். வண்டி என்றால் ஒரு வண்டியா, அந்த வண்டியா, பல வண்டியா, யார் வண்டி என்றும் கேட்பான். தமிழ் இதற்கெல்லாம் பதில் சொல்லாமல் பேசிக்கொண்டே போகும். கேட்கிறவனுக்கு மூளை இருக்கிறது என்ற நம்பிக்கைதான்.

முன்சீப்பின் பேனா நின்றது. சீனியர் எழுந்தார்.

"Since my marriage, Your Honour, carts used to pass by the grove."

முன்சீப் எழுதிவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 'Used to pass' என்றால் முன்னொரு காலத்தில் போனது, இப்போது போவதில்லை என்று அர்த்தம். 'By the grove' என்றால் தோப்புக்குப் பக்கத்தில், தோப்பை ஒட்டி. 'By way of' என்று மனதில் நினைத்துப் பாதியை முழுங்கியிருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் புகையிலை வியாபாரி சொன்னது அச்சுப்பிசகாமல் வந்துவிடுகிறது. முன்னே போனார்கள், அதுவும் ஓடைக்கரை மேலே. எங்கள் கட்சியின் வாயாலேயே.

அவர் கவுனைப் பிடித்து இழுத்தேன். "சார், through சார். யூஸ்டு டு வேண்டாம்."

திரும்பிப் பார்க்காமலே, "Sit down" என்றார்.

சாயங்காலம் பெஞ்சு கிளார்க் படித்துக்காட்டினார். "கல்யாணமானதிலிருந்து தோப்பு வழியா வண்டி போகும்." இங்கிலீஷுக்குப் போன தப்பு தமிழுக்குத் திரும்பி வரும்போது தானாகக் காணாமல் போய்விட்டது. அந்தம்மா, "ஆமா, அதேன்" என்றார். கைநாட்டு வைத்தார். சரியென்று ஒப்புக்கொள்ளப்பட்டது.

வாதம் நடந்த அன்றைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். அமைதியான ஆள், சத்தம் போடவே மாட்டார். அந்த ஒரு வரியைப் படித்தார். 'Used to', 'by' என்ற இரண்டு இடத்திலும் கொஞ்சம் நிறுத்திப் படித்தார். வாதியே இப்படிச் சொன்னபிறகு நான் மேற்கொண்டு பேசுவது கோர்ட்டாரின் நேரத்தை வீணாக்குவதாகும் என்று உட்கார்ந்துவிட்டார். மொத்தம் ஐந்து நிமிசம் ஆகியிருக்காது.

முன்சீப் என் சீனியரைப் பார்த்தார். இப்போதாவது மனுசன் ஒப்புக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் ஒரு பிரசங்கமே நடத்தினார். 'Used to' என்றால் பழக்கப்பட்ட என்று பொருளாம். ஆகவே வண்டிகள் அந்தத் தோப்புக்குப் பழக்கப்பட்டவையாம். நடுநடுவே லத்தீன் வேறு. முன்சீப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "'are used to passing' என்பது வேறு, 'used to pass' என்பது வேறு இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டார். சீனியர் சிரித்தார். விவரம் போதாத பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "A distinction for schoolmasters, Your Honour" என்றார். என் அப்பா ஒரு ஸ்கூல்மாஸ்டர். அந்த வித்தியாசத்தை எனக்கு எட்டாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்.

பதில்வாதத்தின் மிச்சத்துக்குத் திங்கட்கிழமை வாய்தா ஆனது.

அறைக்கு வந்ததும் சொன்னேன். "சார், அந்தம்மாவை மறுபடி கூண்டில ஏத்தணும்னு ஒரு மனுப் போடுவோம். தெளிவுக்காகச் சாட்சியைத் திரும்பக் கூப்பிடக் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கு."

"எதைத் தெளிவுபடுத்த?"

"மொழிபெயர்ப்பு..."

"யாருடைய மொழிபெயர்ப்பு?"

நான் குறிப்பெடுத்திருந்த தாளை அவர் முன்னால் நீட்டினேன்.

"என் இங்கிலீஷ் தப்புன்னு நானே கையெழுத்துப் போட்டுக் கோர்ட்டில குடுக்கணும். அதானே?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காட்டுப்பாதை போனா இன்னொரு பாதை கிடைக்கும் அவங்களுக்கு."

இதை அவர் சுத்தமான தமிழில்தான் சொன்னார். கோர்ட்டுக்கு வெளியே அவர் வாயில் இங்கிலீஷ்தான் வரும் என்பதெல்லாம் வேசம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

புருசனும் பெண்டாட்டியும் வெளியே காத்திருந்தார்கள். அவர்களோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். என்ன ஆனது என்று சொன்னேன். அந்தம்மா நின்றுவிட்டார்.

"நான் தோப்புக்குப் பக்கத்துல போவோம்னா சொன்னேன்?"

"இல்லம்மா. எழுதினது அப்படி."

"நான் சொன்னத எழுதாம வேறென்னத்தையோ எழுதிட்டு, அதுக்கு என் கைய வேற வாங்கிக்கிட்டாகளா?"

"படிச்சுக் காட்டினப்ப சரியாத்தானே இருந்துச்சு உங்களுக்கு?"

"சரியாத்தேன் படிச்சாரு. ஏ அப்பு, அப்படின்னா படிச்சது ஒண்ணு, எழுதியிருக்கிறது ஒண்ணா?"

ஆமாம் என்றேன். அவர் புருசன் காதில் சத்தமாக விசயத்தைச் சொன்னார். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. புருசன் என்னிடம், "அந்த வக்கீலு அவுக ஆளா?" என்று கேட்டார். இல்லை, நம்ம ஆள்தான் என்றேன். அதை அவரால் நம்பவே முடியவில்லை.

வக்காலத்தில் சீனியர் பெயரோடு என் பெயரும் இருந்தது, ஆகவே மனுப் போட எனக்கும் உரிமை உண்டு. சனி, ஞாயிறு உட்கார்ந்து மனு எழுதினேன். அதைவிட அந்த ஒரு வாக்கியத்தை எழுதிப் பார்த்ததுதான் அதிகம். முதலில் 'Carts have been passing through the grove' என்று போட்டேன். நன்றாக இருந்தது. அப்பாவிடம் காட்டினேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "இப்பவும் போகுதா?" என்று கேட்டார். குழி வெட்டியிருக்கிறதே, எப்படிப் போகும்? 'Have been passing' என்றால் இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கிறது என்று ஆகும். வண்டி போய்க்கொண்டுதான் இருக்கிறது, அப்புறம் தடை எங்கே, வழக்கு எதற்கு என்று எதிராளி கேட்பார். ஒரு பள்ளத்திலிருந்து ஏறி அடுத்த பள்ளத்தில் விழப் பார்த்தேன்.

'Had been passing' என்று வர வேண்டும். குழி வெட்டினதும் கடந்தகாலம். அந்தக் கடந்தகாலத்துக்கு முன்னால், அதைத் தொடும்வரைக்கும் விடாமல் நடந்தது. ஆனால் அப்படி எழுத வேண்டுமானால் அந்தம்மா வாயிலிருந்து குழி வெட்டுகிறவரைக்கும் என்ற சொல் வர வேண்டும். அவர் சொல்லாததை நான் இங்கிலீஷில் சேர்க்க முடியாது. அது என் சீனியர் வேலை. ஆக, திருத்த வேண்டியது கேள்வியை.

திங்கட்கிழமை சீனியர் பக்கத்துக் கட்டடத்தில் இன்னொரு வழக்கில் முழங்கிக்கொண்டிருந்தார். இந்த வழக்கைக் கூப்பிட்டதும் நான் எழுந்து மனுவை நீட்டினேன். எதிர்த்தரப்பு வக்கீல் கடுமையாக ஆட்சேபித்தார். தன் வாதம் முடிந்தபிறகு ஓட்டையை அடைக்கப் பார்க்கிறார்கள் என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். முன்சீப் மனுவைப் படித்தார். பிறகு தான் எழுதின பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். அவர் முகம் லேசாகச் சிவந்தது.

"இந்த வாக்கியம் சாட்சியிடமிருந்து எனக்கு நேராக வரவில்லை" என்றார். "கோர்ட்டே தெளிவு கேட்கும். சாட்சியைக் கூப்பிடுங்கள்."

நான் வரச் சொல்லியிருந்தபடி வெளியே காத்திருந்த அந்தம்மா ஏறினார். முன்சீப்பே மெதுவாக, தன் தமிழில் கேட்டார்.

"வண்டி தோப்பின் உள்ளே கடந்து போகுமோ, ஓரத்தில் போகுமோ?"

"உள்ளதேன் எசமான். நுழைஞ்சு நடுவுல போயி அந்தத் தலைப்புல ஏறும். ஓரத்துல ஓடையில்ல கெடக்கு."

"எந்நாள் வரை போயிற்று?"

"குழி வெட்டுற வரைக்கும். வெட்டுன அன்னிக்கி விடியக்காலம்கூட கத்திரிக்கா ஏத்திக்கிட்டு வெளிய வந்தோம். சந்தைக்குப் போயிட்டுத் திரும்புறோம், குழி கெடக்கு. மாட்ட அவுத்துட்டு வண்டிய அங்ஙனையே போட்டுட்டு நடந்து போனோம்."

முன்சீப் எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார். "Carts have been passing through the grove..."

எதிர்த்தரப்பு வக்கீல் அசையாமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது போதும். நான் எழுந்தேன். "Your Honour, இன்றைக்குப் போகவில்லை. Had been passing, until the trench was dug."

முன்சீப் என்னைப் பார்த்தார், சாட்சியைப் பார்த்தார், 'have'-ஐ அடித்துவிட்டு எழுதினார். எதிர்த்தரப்பு வக்கீல் இப்போது எழுந்தார். "சாட்சி வண்டி என்றுதான் சொன்னார். யார் வண்டி என்று சொல்லவில்லை" என்றார்.

நல்ல ஆட்சேபணை. ஊர் வண்டி போனதை வைத்து இவர்களுக்கு உரிமை வராது. முன்சீப் கேட்டார். அந்தம்மா அந்த வக்கீலை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க வண்டிதேன். ஊரான் வண்டிக்கு எங்க காட்டுல என்ன வேல?"

கோர்ட்டு சிரித்தது. 'Our cart' என்று எழுதப் போன முன்சீப், "ஒரு வண்டியோ?" என்று கேட்டார். இந்த முப்பது வருசத்தில் வண்டி நாலு மாறியிருக்கும், ஒண்ணே எம்புட்டுக் காலம் உழைக்கும் என்று பதில் வந்தது. 'Our carts' ஆனது.

"நான் அன்னிக்கிச் சொன்னதும் இதேதேன் எசமான்" என்றார் அந்தம்மா, இறங்குமுன். "இன்னிக்கிச் சொல்றதும் இதேதேன். உங்களுக்குத்தேன் ரெண்டாத் தெரியுது."

இதை முன்சீப் மொழிபெயர்க்கவில்லை.

அதற்குள் யாரோ போய்ச் சொல்லி, சீனியர் கவுன் பறக்க உள்ளே வந்து நின்றார். அறையைப் பார்த்தார். மனு என் கையெழுத்தில் மேசைமேல் கிடந்தது. என்ன நடந்திருக்கிறது என்று அரை நொடியில் புரிந்துகொண்டார். அந்த விசயத்தில் அவர் கெட்டிக்காரர். தலையைத் தாழ்த்தி, "My learned junior has carried out my instructions, Your Honour" என்றார்.

வெட்கம் என்பதே இல்லாத மனிதரை அவ்வளவு பக்கத்தில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய காட்சிதான்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. பாதை உரிமை உண்டு, குழியை மூட வேண்டும். தீர்ப்பில் வாதியின் மூத்த வக்கீலின் திறமையான வாதத்துக்கு ஒரு வரி பாராட்டும் இருந்தது. மரியாதைக்கு எழுதுகிற வரி. புகையிலை வியாபாரி அப்பீல் போனார். அங்கே என் சீனியர் கையில் எதையும் கெடுக்க வாய்ப்பில்லை, சாட்சியம் ஏற்கெனவே காகிதத்தில் இருந்தது. அப்பீல் தள்ளுபடி. வியாபாரி ஆள்விட்டுக் குழியை மூடினார்.

முன்சீப் தீர்ப்புச் சொன்ன அன்றைக்கே சீனியர் என்னைக் கூப்பிட்டு, வேறு இடம் பார்த்துக்கொள் என்றார். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அப்பாவுக்குத்தான் வருத்தம். "அந்த மனுசன்கிட்ட இருந்தா இங்கிலீஷ் வந்திருக்கும்" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரா, உண்மையிலேயே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் வாங்கிப்போட்டுத் தனியாகத் தொழில் ஆரம்பித்தேன். முதல் ஆறுமாதம் ஈ ஓட்டினேன். பிறகு ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். அந்தம்மா சொல்லி அனுப்பினது என்று பின்னால் தெரிந்தது. நம்ம பேசுறதத் திருப்பி நம்மகிட்டயே கேப்பாரு அந்த வக்கீலு, எரிச்சலாத்தேன் இருக்கும், ஆனா எழுதுறது சரியா இருக்கும் என்று சொன்னாராம்.

சில வருசம் கழித்து வக்கீல் சங்கத்தில் இளம் வக்கீல்களுக்காக ஒரு கூட்டம் போட்டார்கள். சாட்சியத்தை இங்கிலீஷில் பதிவு செய்வது எப்படி என்று என் பழைய சீனியர் பேசினார். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தென்னந்தோப்பு வழக்கைத்தான் உதாரணம் காட்டினார். 'Used to pass' என்று எழுதியிருந்ததைத் தான் எப்படிக் கண்டுபிடித்து, 'had been passing' என்று எப்படித் திருத்தவைத்தார் என்று ஏற்ற இறக்கத்தோடு விளக்கினார். முதலில் அப்படி எழுதவைத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. இளைஞர்கள் குறித்துக்கொண்டார்கள். என் பக்கத்தில் இருந்தவன், "என்னா மனுசன்யா" என்றான்.

நான் எழுந்து வெளியே போய் ஒரு டீ குடித்தேன். உள்ளே கைதட்டுகிற சத்தம் கேட்டது. இன்னொரு டீ சொன்னேன்.